பில் திருத்தம் கேட்டு ஒரு கடிதம்

ஓசூர் சிப்காட்டில் இருசக்கர வாகனங்களுக்கு உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வாங்கிய பொருட்களுக்கு வரும் பில்களைச் சரிபார்த்துக் கணக்கில் ஏற்றுவதும், அவற்றில் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப வரவாக எடுப்பதும் என் பொறுப்பு. ஓசூரில் இந்த வேலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. எங்களுக்கு வரும் இரும்பு, அலுமினியம், டூல்ஸ் எல்லாம் பெரும்பாலும் பெங்களூரிலிருந்து வருபவை. பொம்மசந்திராவில் ஏற்றிய சரக்கு ஒரு மணி நேரத்தில் எங்கள் கேட்டுக்கு வந்துவிடும். ஆனால் லாரி அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜுவாடிக்குள் நுழைந்ததும் மாநிலம் மாறிவிடுகிறது, அதோடு வரியின் வகையும் மாறிவிடுகிறது. போதாததற்கு எங்கள் நிறுவனத்துக்குப் பெங்களூரிலும் ஒரு யூனிட் உண்டு. ஒரே பெயர், ஒரே பான் எண், இரண்டு ஜிஎஸ்டி எண்கள். ஓசூருக்கு 33-இல் தொடங்கும் எண், பெங்களூருக்கு 29-இல் தொடங்கும் எண்.

தப்பான பில் வந்தால் எங்கள் தொழிலில் முதலில் செய்வது போன் போடுவதுதான். “பில்லு தப்பா வந்திருக்கு சார், மாத்திக் குடுங்க” என்போம். அந்தப் பக்கம் “சரி சார், பார்க்கிறேன்” என்பார்கள். நாலு நாள் கழித்து ஒரு பில் வரும். முதல் பில்லில் இருந்த ஒரு தவறு போயிருக்கும், இன்னொன்று அப்படியே இருக்கும், புதிதாக ஒன்று சேர்ந்திருக்கும். இதில் அந்தப் பக்கத்து ஆளைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. போனில் பேசியது விற்பனை ஆள். பில் அடிப்பது வேறொருவர். அந்த வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்த செய்தி “ஜிஎஸ்டி நம்பர் தப்பாம்” என்ற மூன்று சொல் மட்டுமே. எந்த எண் தப்பு, எது சரி, பழைய பில்லை என்ன செய்வது, புதிய பில்லுக்கு எந்தத் தேதி, எதுவும் அவருக்குத் தெரியாது. அதனால் போன் போட்டாலும் போடாவிட்டாலும் எழுத்தில் ஒன்று போக வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் எதுவும் கேட்காமல், பில் அடிக்கும் ஆள் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்துவிட வேண்டும். அந்த அளவுக்கு எழுதாத கடிதம் திரும்ப நம்மிடமே வரும்.

ஆனால் கடிதம் எழுத உட்காருவதற்கு முன், எழுதத்தான் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். ஒரு வரிப் பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி 46 நீளமாகச் சொல்கிறது. விற்பவர் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், 16 எழுத்துக்கு மிகாத வரிசை எண், தேதி, வாங்குபவர் விவரம், எச்எஸ்என் குறியீடு, பொருளின் விவரம், அளவு, மதிப்பு, வரி விகிதம், வரித் தொகை, வெளிமாநிலம் என்றால் எந்த மாநிலத்துக்கான சப்ளை என்பது, கையெழுத்து. இதில் ஏதாவது ஒன்று குறைந்தாலே வரவு போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஆடிட்டர் அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். விதி 36-இன் இரண்டாம் உட்பிரிவைப் படித்தால் அந்தப் பயம் பாதி குறையும். வரித் தொகை, பொருளின் விவரம், மொத்த மதிப்பு, இரு தரப்பு ஜிஎஸ்டி எண்கள், வெளிமாநில சப்ளை என்றால் அந்த மாநிலம், இவ்வளவும் சரியாக இருந்தால் மற்றக் குறைகளுக்காக வரவை மறுக்க வேண்டியதில்லை என்று அது சொல்கிறது.

நான் பில்களைப் பிரிப்பது இந்த அளவுகோலை வைத்துத்தான். முகவரியில் பின்கோடு பழையதாக இருக்கிறதா, எங்கள் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறதா, பர்ச்சேஸ் ஆர்டர் எண் போடவில்லையா, அதற்கெல்லாம் புதிய பில் கேட்பதில்லை. அடுத்த பில்லில் சரிசெய்யுங்கள் என்று ஒரு வரி மெயில் போதும். அதன் பிரதியைப் பில்லோடு வைத்துக்கொள்வேன். சின்னப் பட்டறைக்காரர் ஒருவரின் பணத்தைப் பின்கோடுக்காக நிறுத்தி வைப்பது எனக்குச் சம்மதமில்லை. ஜிஎஸ்டி எண், வரியின் வகை, வரித் தொகை, மதிப்பு ஆகியவற்றில் தவறு என்றால் மட்டும் கடிதம் போகும். அப்படிப் போகும்போது சின்னக் குறைகளையும் சேர்த்து எழுதிவிடுவேன். எப்படியும் புதிதாக அடிக்கப்போகிறார்கள், எல்லாம் ஒரே தடவையில் சரியாகட்டும்.

ஒரு பில்லை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். பெங்களூரில் இரும்பு வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்திடமிருந்து இஎன்8 ரவுண்ட் பார், 40 மில்லிமீட்டர், 2,500 கிலோ வாங்கினோம். பர்ச்சேஸ் ஆர்டர் போட்டது ஓசூர் ஆலை. கிலோ 72 ரூபாய் என்று பேச்சு. சரக்கு 18-ஆம் தேதி மாலை வந்தது. எடை சரியாக இருந்தது, தரச் சோதனையும் முடிந்தது, ஸ்டோர்ஸில் ஏற்றிவிட்டார்கள். பில் என் மேசைக்கு வந்தது 20-ஆம் தேதி.

பில்லைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது தொகையை அல்ல, வாங்குபவர் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைத்தான். 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலம், அடுத்த பத்து பான் எண். எங்கள் இரண்டு யூனிட்டுக்கும் நடுவில் உள்ள பத்தும் ஒன்றுதான் என்பதால், மேலோட்டமாகப் பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். இந்தப் பில்லில் 29 இருந்தது. சரக்கு அனுப்பும் முகவரி என்ற இடத்தில் ஓசூர் ஆலை. வரிக் கட்டத்தில் மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம், மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம். அந்த மாநில ஜிஎஸ்டி கர்நாடகத்துடையது. விலை 72-க்குப் பதில் 74. எச்எஸ்என் 7228 என்று போட்டிருந்தது. அது அலாய் ஸ்டீல் பாருக்கு உரியது. இஎன்8 வெறும் கார்பன் ஸ்டீல், 7214-இல் வர வேண்டியது. மதிப்பு 1,85,000, வரி 16,650-ம் 16,650-ம், மொத்தம் 2,18,300 ரூபாய்.

பார்க்க ஐந்து தவறு போலத் தெரியும். உண்மையில் மூன்றுதான். ஜிஎஸ்டி எண், சப்ளை செய்யப்பட்ட மாநிலம், வரியின் வகை ஆகிய மூன்றும் ஒரே தவறிலிருந்து பிறந்தவை. பில் அடித்தவர் மென்பொருளில் எங்கள் பெயரைத் தட்டியிருக்கிறார். ஒரே பெயரில் இரண்டு லெட்ஜர் வந்திருக்கிறது. முதலாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், அது பெங்களூரு. மாநிலம் கர்நாடகம் என்று ஆனதும் வரி தானாகவே இரண்டாகப் பிரிந்துவிட்டது. இப்படி வேரைக் கண்டுபிடித்து எழுதினால் அவர்கள் ஒன்றைத் திருத்தினாலே மற்ற இரண்டும் சரியாகிவிடும். தனித்தனியாக எழுதினால், வரியைக் கையால் மாற்றி எண்ணை விட்டுவிடுகிற ஆபத்து இருக்கிறது. விலையும் எச்எஸ்என்னும் தனித் தவறுகள். எச்எஸ்என் மட்டும் தப்பாக இருந்திருந்தால், இரண்டு குறியீட்டுக்கும் வரி 18 சதவீதம்தான் என்பதால், புதிய பில் கேட்டிருக்க மாட்டேன்.

அடுத்த கேள்வி, திருத்துவது எப்படி என்பது. எங்கள் பக்கம் எல்லோரும் “ரிவைஸ்டு இன்வாய்ஸ்” என்று சொல்கிறோம். சட்டத்தில் அந்தப் பெயரில் இருப்பது வேறு விஷயம். புதிதாக ஜிஎஸ்டி பதிவு பெற்றவர், பதிவு நடைமுறைக்கு வந்த நாளுக்கும் சான்றிதழ் கிடைத்த நாளுக்கும் இடையில் போட்ட பில்களுக்குப் பதிலாகக் கொடுப்பது அது. சாதாரணத் தவறுக்கு அந்த வழி இல்லை. அதனால் “திருத்திக் கொடுங்கள்” என்று மட்டும் எழுதினால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் செய்வார்கள். பேனாவால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

பேனாத் திருத்தம் ஏன் உதவாது என்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் மறக்காது. வருட விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனம் மற்ற நிறுவனங்களுக்குப் போடும் பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்து, ஐஆர்என் எனப்படும் 64 எழுத்து நீளக் குறியீட்டைப் பெற்று, க்யூஆர் கோடோடுதான் தர வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து இந்த வரம்பு. அந்த க்யூஆரை அதற்கான செயலியில் காட்டினால் விற்பவர் எண், வாங்குபவர் எண், பில் எண், தேதி, மொத்தத் தொகை எல்லாம் திரையில் வரும். காகிதத்தில் 29-ஐ அடித்து 33 என்று எழுதியிருந்தாலும் திரையில் 29 என்றே வரும். அரசிடம் போன பதிவு அதுதான். எங்கள் ஓசூர் கணக்கில் தெரியப்போவதும் அதன்படிதான், அதாவது தெரியாது.

ஈ-இன்வாய்ஸைப் பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதற்கு முன் ஈ-வே பில்லை ரத்து செய்திருக்க வேண்டும், அதற்கும் 24 மணி நேரம்தான் கெடு. ரத்தான பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது, அடுத்த எண்ணில்தான் போட வேண்டும். 18-ஆம் தேதி பில் 20-ஆம் தேதி என்னிடம் வந்ததால் அந்தக் கதவு மூடியிருந்தது. அதன் பிறகுதான் கேட்டிலேயே பில்லின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். செக்யூரிட்டி அண்ணனின் மேசையில் “ஓசூர் 33” என்று பெரிதாக ஒட்டியிருக்கிறோம். வேறு எண் இருந்தால் லாரியை உள்ளே விடும் முன்பே எனக்கு ஒரு போன் வரும்.

24 மணி நேரம் கடந்துவிட்டால் சுத்தமான வழி ஒன்றுதான் என்பது என் கருத்து. பழைய பில் முழுத் தொகைக்கும் ஒரு கிரெடிட் நோட், சரியான விவரத்தோடு புதிய எண்ணில் ஒரு புதிய பில். சில விற்பனையாளர்கள், விலை வித்தியாசத்துக்கு மட்டும் 5,900 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் தருகிறேன், முடித்துக்கொள்வோம் என்பார்கள். அதில் விலை சரியாகும், எண் சரியாகாது. மீதி வரி முழுவதும் பெங்களூரு யூனிட்டின் பெயரிலேயே நின்றுவிடும்.

இவ்வளவையும் தெளிவாக்கிக்கொண்டு எழுதிய கடிதம் இது. நடைமுறையில் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம், தமிழில் அதன் உள்ளடக்கம் இப்படி இருக்கும்.

“பொருள்: 18-ஆம் தேதியிட்ட உங்கள் பில் எண் 1147 — முழுத் தொகைக்குக் கிரெடிட் நோட்டும், திருத்திய விவரங்களுடன் புதிய பில்லும் கோருதல்.

மேற்கண்ட பில்லுக்குரிய 2,500 கிலோ இஎன்8 ரவுண்ட் பார், எங்கள் ஓசூர் ஆலையின் பர்ச்சேஸ் ஆர்டர்படி 18-ஆம் தேதி வந்து சேர்ந்தது. எடையிலும் தரத்திலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. பில்லில் மட்டும் பின்வரும் திருத்தங்கள் தேவை.

ஒன்று, வாங்குபவர் ஜிஎஸ்டி எண். பில்லில் இருப்பது 29-இல் தொடங்கும் எங்கள் பெங்களூரு எண். இருக்க வேண்டியது 33-இல் தொடங்கும் ஓசூர் எண். பதிவுச் சான்றிதழின் நகல் இணைத்துள்ளோம். இதன் காரணமாகவே சப்ளை மாநிலம் கர்நாடகம் என்றும், வரி மத்திய, மாநில ஜிஎஸ்டி என்றும் வந்துள்ளன. மாநிலம் தமிழ்நாடு (33) என்றும், வரி ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்றும் இருக்க வேண்டும்.

இரண்டு, விலை. பில்லில் கிலோ 74 ரூபாய். பர்ச்சேஸ் ஆர்டரில் 72 ரூபாய். ஆர்டரின் நகல் இணைத்துள்ளோம்.

மூன்று, எச்எஸ்என். பில்லில் 7228. இஎன்8-க்கு 7214-இல் வரும் குறியீட்டை ஆறு இலக்கத்தில் தரவும்.

புதிய பில்லின்படி தொகை: மதிப்பு 1,80,000, ஐஜிஎஸ்டி 32,400, மொத்தம் 2,12,400 ரூபாய்.

புதிய பில்லில் பழைய பில் எண், தேதி, 18-ஆம் தேதி ஈ-வே பில் எண், லாரி எண் ஆகியவற்றைக் குறிப்பிடவும். கிரெடிட் நோட்டில் பில் எண் 1147-ஐக் குறிப்பிடவும். பழைய பில்லுக்குரிய வரி வரவை எங்கள் பெங்களூரு யூனிட் எடுக்கவில்லை, எடுக்காது என்பதை இதன் மூலம் உறுதி செய்கிறோம். இரண்டு ஆவணங்களும் இந்த மாதத் தேதியிலேயே வந்து, அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் நீங்கள் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1-இல் இடம்பெற வேண்டுகிறோம்.”

இதில் சில வரிகளை ஏன் வைத்தேன் என்று சொல்ல வேண்டும். சரக்கில் ஆட்சேபம் இல்லை என்று முதலிலேயே எழுதியது வேண்டுமென்றேதான். திருத்தம் கேட்டுக் கடிதம் வந்தாலே, பணம் தராமல் இழுக்கிறார்கள் என்று விற்பவருக்கு ஒரு சந்தேகம் வரும். அதைப் போக்கிவிட்டால் பேச்சு பில்லைப் பற்றியதாகவே இருக்கும். அதேபோல் எடையில் குறைவு இருந்தால் அதை இந்தக் கடிதத்தில் சேர்க்க மாட்டேன். எடை மேடைச் சீட்டோடு தனிக் கடிதமாகப் போகும். எடைக் குறைவு பேரம் பேசித் தீர வேண்டிய விஷயம், வாரக்கணக்கில் இழுக்கும். ஜிஎஸ்டி எண் பேரத்துக்கு உரியதல்ல. இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதினால் மெதுவானது வேகமானதைப் பிடித்து நிறுத்திவிடும்.

சரியான தொகையை நாமே கணக்குப் போட்டுக் கொடுப்பதும் முக்கியம். நம் கணக்குத் தவறாக இருந்தால் அவர்கள் சொல்வார்கள். கொடுக்காவிட்டால் ரவுண்ட் ஆஃபில் ஒரு ரூபாய் வித்தியாசத்தோடு ஒன்று வரும். மெயிலைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பி, விற்பனை ஆளுக்கும் ஒரு பிரதி போடுவேன். பணம் சீக்கிரம் வர வேண்டும் என்ற அவசரம் அவருக்குத்தான் இருக்கும். பில் அடிப்பவரின் மேசைக்குப் போய் நிற்பவரும் அவர்தான்.

மறுநாள் அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். நன்றாகத் தமிழ் பேசினார். “சார், ரெண்டும் உங்க கம்பெனிதானே? பெங்களூர்லயே கிரெடிட் எடுத்துக்குங்களேன். டெலிவரி அட்ரஸ் ஓசூர்னு போட்டுத்தானே இருக்கோம்?”

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பில் ஒருவருக்கு, சரக்கு இன்னொருவருக்கு என்ற முறையைச் சட்டம் அனுமதிக்கிறது. வாங்கியவர் சொல்லி மூன்றாமவரிடம் சரக்கை இறக்கினால், வாங்கியவரின் மாநிலத்தையே சப்ளை மாநிலமாகக் கொள்ளலாம். ஆனால் அதற்கு வாங்கியவர் பெங்களூரு யூனிட்டாக இருக்க வேண்டும். ஆர்டர் போட்டது ஓசூர். “மேடம், பெங்களூரு யூனிட் வாங்கினதா வச்சா, அவங்க எங்களுக்கு ஒரு விற்பனை பில் போடணும். ஒரே பான் எண் இருந்தாலும் ஜிஎஸ்டில ரெண்டு பதிவும் தனித்தனி ஆள் மாதிரிதான். அவங்க கிட்ட ஆர்டரும் இல்ல, சரக்கு வந்த பதிவும் இல்ல. எந்த ஆதாரத்துல வரவு எடுப்பாங்க?” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் உண்மையான கவலையைச் சொன்னார். “கிரெடிட் நோட் போட்டா நாங்க கட்டுற டாக்ஸ் என்ன ஆகும் சார்? ரெண்டு தடவை கட்டற மாதிரி ஆயிடாதா?”

பெரும்பாலான திருத்தங்கள் தாமதமாவதற்கு இந்தப் பயம்தான் காரணம். யாரும் அதை வெளியில் சொல்வதில்லை. வரி இன்னும் கட்டப்படவில்லை, மாதம் முடியவில்லை. பழைய பில்லும் கிரெடிட் நோட்டும் ஒரே மாத ஜிஎஸ்டிஆர்-1-இல் போனால், 33,300 கூடி 33,300 கழிந்துவிடும். புதிய பில்லுக்குரிய 32,400 மட்டும் ஐஜிஎஸ்டியாகக் கட்டினால் போதும். விற்பவர் தன் வரியைக் குறைத்துக்கொள்ள, வாங்கியவர் அந்த வரவை எடுத்திருக்கக் கூடாது, எடுத்திருந்தால் திருப்பியிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. அதற்காகத்தான் பெங்களூரு யூனிட் எடுக்காது என்ற வரியைக் கடிதத்தில் எழுதினேன், அது அவர் கோப்பில் இருக்கட்டும் என்றேன். மாதம் தாண்டியிருந்தாலும் வழி உண்டு. அந்த நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30 வரை கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்டலாம், ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதி வரைக்கும்தான். ஆனால் கட்டிய வரி அதுவரை முடங்கிக் கிடக்கும். இதைச் சொன்னதும் அவர் குரலே மாறியது. “இன்னிக்கே போட்டுடறேன் சார்” என்றார்.

5 கோடிக்குக் கீழே உள்ள சின்ன நிறுவனங்களுக்கு ஈ-இன்வாய்ஸ் கிடையாது. அவர்களில் பலர் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்வதற்கு முன் தவறு தெரிந்தால், அதே எண்ணில் சரிசெய்த பில்லை மறுபடி அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். நடைமுறையில் இது ஓடுகிறது. எனக்கு அதில் உள்ள உறுத்தல், ஒரே எண்ணில் இரண்டு விதமான காகிதங்கள் உலவுவது. அப்படி வாங்கும்போது பழைய அசலைத் திருப்பிக் கொடுத்து, அது ரத்து என்று அவர்களிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கி வைத்துக்கொள்வேன்.

24-ஆம் தேதி கிரெடிட் நோட்டும் புதிய பில்லும் வந்தன. திருத்திய பில் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடக் கூடாது, முதல் பில்லைவிட இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். க்யூஆரைச் செயலியில் காட்டினேன். திரையில் 33. ஜிஎஸ்டி எண்ணின் 15 இலக்கத்தையும் சான்றிதழோடு வைத்துப் பார்த்தேன். ஐஜிஎஸ்டி 32,400. விலை 72. பழைய பில் எண் இருந்தது, ஈ-வே பில் எண் விட்டுப்போயிருந்தது. அதற்காக மூன்றாவது பில் கேட்கவில்லை. ஈ-வே பில் எண்ணையும் இரண்டு பில் எண்களையும் சேர்த்து ஒரு மெயில் அனுப்பச் சொன்னேன், வந்தது, பில்லோடு பின் செய்தேன். 18-ஆம் தேதி வந்த சரக்குக்கு 24-ஆம் தேதி பில் ஏன் என்று ஆடிட்டர் கேட்டால் பதில் அந்தக் காகிதங்களில் இருக்கிறது. பழைய பில்லின் நகல், கிரெடிட் நோட், கடிதம், புதிய பில் நான்கும் ஒரே இடத்தில்.

பெங்களூரு யூனிட்டில் என் வேலையைச் செய்கிற தம்பிக்கும் அன்றே தகவல் சொல்லியிருந்தேன். பழைய பில் அவர்களுடைய ஜிஎஸ்டிஆர்-2பியில் வந்து நிற்கும், கூடவே கிரெடிட் நோட்டும் வரும். நமக்கு நல்ல வரவு வந்திருக்கிறது என்று ஏற்றிவிடக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூஜ்யம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, கணக்கில் ஏற்றாமல் ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைக்கச் சொன்னேன். விற்பவரிடம் கடிதத்தில் கொடுத்த உறுதிமொழி அந்தத் தம்பியின் கையில்தான் இருக்கிறது.

பணத்தைப் பற்றி. புதிய பில் தேதியிலிருந்துதான் 30 நாள் கடன் கெடுவை எண்ண வேண்டும் என்று எங்கள் பர்ச்சேஸ் பிரிவில் சொன்னார்கள். பல நிறுவனங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். நான் சரக்கு வந்த 18-ஆம் தேதியிலிருந்தே எண்ணினேன். இரும்பு அன்றைக்கே எங்கள் ஸ்டோர்ஸில் ஏறிவிட்டது, அந்த வாரமே லேத்தில் ஓடிவிட்டது. பில் அடித்தவரின் தவறுக்கு ஒரு வாரப் பணத்தைப் பிடிப்பது சரியாகப் படவில்லை. ஆனால் வரித் தொகை வேறு. விற்பவர் தாக்கல் செய்து, அது எங்கள் 2பியில் தெரிந்தால்தான் எங்களுக்கு வரவு. தெரியாவிட்டால் 32,400 எங்கள் கையிலிருந்து போய்விடும். அதனால் இப்படிப்பட்ட பில்களில் சரக்கின் மதிப்பைக் கெடுவில் கொடுத்துவிட்டு, வரியை மட்டும் 2பி வரும் வரை நிறுத்தி வைப்பது என் வழக்கம். விற்பவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

அடுத்த மாதம் 14-ஆம் தேதி 2பி வந்தது. ஓசூர் எண்ணில் அந்தப் பில் 32,400 ரூபாய் ஐஜிஎஸ்டியோடு இருந்தது. பெங்களூரு எண்ணில் பழைய பில்லும் கிரெடிட் நோட்டும் அடுத்தடுத்த வரியில் இருந்தன. கெடு வந்த அன்று 1,80,000 ரூபாயோடு வரித் தொகையையும் சேர்த்தே அனுப்பினோம். அனுப்பிய தகவலோடு அந்த அம்மாவுக்கு இன்னொன்றும் எழுதினேன். உங்கள் மென்பொருளில் எங்கள் இரண்டு லெட்ஜருக்கும் பெயரின் முன்னால் “ஓசூர்”, “பெங்களூரு” என்று சேர்த்துவிடுங்கள், பின்னால் சேர்த்தால் திரையில் பாதிப் பெயரோடு மறைந்துவிடும் என்று. அன்று மாலையே மாற்றிவிட்டதாகத் திரையின் படத்தை அனுப்பினார்.